சிவப்புக் கோட்டுக்குத் தப்பிய கால்

கொழும்பில், கொள்ளுப்பிட்டியில் பஸ் நெரிசலில் சிக்கி நின்றபோது, பாலேஸ்வரி ஜன்னலோரம் இருந்து அரசாங்கத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். அது அவளுக்குப் பழகிப்போன வேலை. காணாமற்போனவர்களை விசாரிக்கும் அலுவலகத்துக்குப் போய் வருகிற ஒவ்வொரு நாளும், வெள்ளவத்தையில் இறங்கும் வரைக்கும் திட்டுவாள். இறங்கியதும் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

அன்றும் அதே கதைதான். "அம்மா, பதிவில அப்பிடி ஒரு ஆள் இல்லை. நாங்க ஒருத்தரும் அவரைப் பிடிக்கேல்லை. மரணச் சான்றிதழ் எடுத்தீங்கள் எண்டா எல்லாருக்கும் நிம்மதி" என்று அதிகாரி சொன்னார். "எல்லாருக்கும் எண்டா ஆருக்கு?" என்று அவள் கேட்டாள். அவர் கிளாசை எடுத்துத் தண்ணீர் குடித்தார். ஒரு கிளாஸ் தண்ணீரை இவ்வளவு நேரம் குடிக்கிற மனிதரை அவள் அதற்கு முதல் கண்டதில்லை.

அந்தக் கோபத்தோடு வெளியே பார்த்தபோதுதான் பதாகை கண்ணில் பட்டது. எதிரே ஒரு கட்டடத்தின் முகப்பை முழுக்க மூடியபடி, ஒரு கறுப்பு வெள்ளைப் படம். குனிந்து நிற்கும் ஒரு சிப்பாய். அவன் நீட்டும் பிஸ்கட் பைக்கற்றை இரண்டு கையாலும் வாங்குகிற ஒரு சின்னப் பெட்டை. மேலே 'கருணையின் கை: போர்க்காலப் படக் கண்காட்சி' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. பழகிய படம்தான். அந்தக் காலத்தில் பேப்பரில் வந்து, பிறகு கலண்டரில் வந்து, பாடப் புத்தகத்திலும் வந்தது. பாலேஸ்வரி அதில் வடை சுற்றிச் சாப்பிட்டுமிருக்கிறாள். ஆனால் மூன்று மாடி உயரத்துக்கு அதை யாரும் அதுவரை பெருப்பித்ததில்லை.

இடப் பக்கத்துக் கீழ் மூலையில், பெட்டையின் சட்டைக்கு அப்பால், பேப்பரில் எப்போதும் மைக்கறை போல இருந்த ஒன்று இப்போது கறையாக இல்லை. அது ஒரு கால். படத்தின் ஓரத்தில் கணுக்காலோடு வெட்டுப்பட்டு நின்ற, மண்ணில் நீட்டிய ஒரு ஆம்பிளைக் கால். காலைவிட இரண்டு அங்குலம் சின்னதான ஒரு பொம்பிளைச் செருப்பு அதில் மாட்டியிருந்தது. செருப்பின் வாரில் ஒரு பிளாஸ்ரிக் பூ. குதிக்கால் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

"இறக்கம்!" என்று பாலேஸ்வரி கத்தினாள். "அம்மே, ஹோல்ட் எக்கேதி பஹின்ன" என்று கொண்டக்டர் சிங்களத்தில் சொன்னான், தரிப்பில் இறங்கு என்று. ஹோல்ட்டும் மண்ணாங்கட்டியும். ஓடத் தொடங்கின பஸ்ஸிலிருந்து அறுபது வயதை எட்டுகிற ஒரு பொம்பிளை குதித்த குதிப்பைப் பார்த்து, பக்கத்தில் நின்ற திரீவீல்காரன் கையெடுத்துக் கும்பிட்டான்.

அந்தச் செருப்பின் மற்றச் சோடி வெள்ளவத்தை வீட்டில் இருந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு, தென்மராட்சியில் சண்டை மூண்டு சனம் இடம்பெயர்ந்து ஓடின நேரம், அவளும் புருசன் நமசிவாயமும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். நமசிவாயம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர், ஆறடி ஆள். ஒரு நாள் காலை சீருடைக்காரர் வந்து ஆம்பிளைகளை முற்றத்துக்கு வரச் சொன்னார்கள். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில், அவர் அவசரத்தில் ஒரு காலில் தன்னுடையதையும் மறு காலில் அவளுடையதையும் கொழுவிக்கொண்டு போனார். "ஐயோ, அது என்ரயப்பா" என்று அவள் கூப்பிட்டாள். "பொறு, உடனே வாறன்" என்றார். புருசனிடம் அவள் கடைசியாகப் பேசியது செருப்பைப் பற்றித்தான். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

அதற்குப் பிறகு எத்தனை ஆணைக்குழு, எத்தனை விசாரணை! எல்லா இடத்திலும் செருப்புக் கதையைச் சொன்னாள். அடையாளம் என்ன என்று கேட்டபோது அதைத்தான் முதலில் சொன்னாள். ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. ஒருவர் மட்டும் சிரித்தார். அவர் போட்டுக்கொண்டு போன அவளுடைய வலது செருப்புக்குச் சோடியான இடது செருப்பை, ஆர் என்ன சொன்னாலும் அவள் எறியவில்லை.

கண்காட்சி மண்டபத்தில் குளிர் குளிராக ஏசி போட்டிருந்தார்கள். பொறுப்பாளர் ஷெல்டன் என்ற ஒரு நாகரிகமான இளந்தாரி. மேடம் மேடம் என்று உருகினான்.

"இந்தப் படத்தின்ர மிச்சம் எங்க தம்பி?"

"மிச்சமா மேடம்? இதுதான் முழுப் படம்."

"உதில ஒரு கால் கிடக்கு. காலுக்கு மேல ஆள் இருக்கவேணுமெல்லே?"

ஷெல்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தான். "அது ஒரு நிழல் மாதிரி மேடம். ஃபில்ம் பழசு."

"நிழலுக்கு ஆர் தம்பி பூச்செருப்பு வாங்கிக் குடுத்தது?"

அவன் மறுபடி கண்ணாடியைக் கழற்றினான். பேப்பர்க் கந்தோரின் பழைய கோப்பிலிருந்து கிடைத்த பிரதி அது என்றும், அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றும் சொன்னான். ஆனால் படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் எடுத்தவரின் பெயர் இருந்தது. ஒஸ்வால்ட். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டாள். கொட்டாஞ்சேனையில் எங்கேயோ இருக்கிறார் என்று நினைக்கிறேன், அழைப்பிதழ் அனுப்பவில்லை என்றான். அடுத்த நாள் அவள் கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினாள்.

சாந்த லூசியா தேவாலயத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் படக்கார ஒஸ்வால்ட் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். அவருடைய வாய்க்குப் பயந்துதான் காட்டும். கதவைத் திறந்தது அவர் மனைவி யோசெப்பின். உள்ளே சாரமும் பெனியனுமாக இருந்த ஒஸ்வால்ட், கண்காட்சி என்ற சொல்லைக் கேட்டதுமே தொடங்கிவிட்டார்.

"கண்காட்சியா? என் படம், என்னைக் கேக்காமயே செவுத்துல ஏத்தியிருக்கானுங்க. அதுக்குப் பேர் வேற, கருணையின் கை! நான் அப்படியா பேர் வெச்சேன்?"

"நான் கையைப் பற்றிக் கேக்க வரேல்லை, ஐயா" என்றாள் பாலேஸ்வரி. "காலைப் பற்றிக் கேக்க வந்தனான்."

ஒஸ்வால்ட்டின் வாய் திறந்தபடியே நின்றது. அப்படி நின்றதை நாற்பது வருடக் கலியாண வாழ்க்கையில் யோசெப்பின் கண்டதில்லை. பிறகு அவர் மெல்ல, "நீங்க அவருக்கு யாரு?" என்று கேட்டார்.

அவள் பையைத் திறந்து இடது செருப்பை எடுத்து மேசையில் வைத்தாள். செருப்பை மேசையில் வைத்ததற்காக யோசெப்பின் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிளேன்ரீ ஊற்றப் போனாள்.

அந்த நாளில் கொழும்பிலிருந்து ஒரு படப்பிடிப்பாளர் தன் பாட்டில் வடக்குக்குப் போய்விட முடியாது. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும், கேட்டால் கிடைக்காது. அவர்களாகக் கூப்பிட்டால்தான் உண்டு. கூப்பிட்டால், இரத்மலானையில் படை விமானத்தில் ஏற்றிப் பலாலியில் இறக்குவார்கள். ஊடகப் பொறுப்பதிகாரி ஒருவர் தாலிகட்டின பொம்பிளை மாதிரிப் பக்கத்தை விட்டு நகரமாட்டார். சாமான் கொடுப்பதை எடுக்கலாம், பிள்ளைகள் சிரிப்பதை எடுக்கலாம். காயப்பட்டவரை எடுக்கக்கூடாது, வாகனத்தை எடுக்கக்கூடாது, பிடிபட்டவரின் முகத்தை எடுக்கவே கூடாது. இந்தப் படம் எடுத்த பயணத்தில் தமிழ்ப் பேப்பர் ஒன்றும் வந்தது என்று வெளிநாட்டுக்காரருக்குக் காட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஊறுகாய்தான் ஒஸ்வால்ட்.

"பிஸ்கட் குடுக்கறத எடுங்கன்னு அந்த ஒபிசர் சொன்னாரு. நானும் எடுத்தேன். ஆனா அகல லென்ஸ் போட்டு எடுத்தேன்" என்றார் ஒஸ்வால்ட். "அவரு பாத்தது பிஸ்கட்ட. நான் பாத்தது பின்னால மரத்த."

கமராவை நேரே பிஸ்கட்டுக்குத் திருப்பி நின்றால், அவர் எதை எடுக்கிறார் என்று பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. அகல லென்ஸ் ஓரத்தில் உள்ளதையும் வாரி எடுத்துவிடும். அது அவருக்கும் அவர் கமராவுக்கும் இடையில் இருந்த கள்ளம். அன்றிரவு கொழும்பில் ஃபில்மைக் கழுவிப் படம் போட்டபோது மரத்தடியில் இருந்த ஆளின் முகம் ஊசி குத்தினாற்போலத் தெளிவாக விழுந்திருந்தது.

பிறகு தணிக்கை. அவசரகாலச் சட்டத்தின் கீழ், போர் சம்பந்தப்பட்ட எந்தச் செய்தியும் படமும் தகுதிவாய்ந்த அதிகாரி என்று ஒருவர் பார்த்துச் சீல் குத்தாமல் அச்சேற முடியாது. 'படையினர் பின்வாங்கினர்' என்று எழுதிப் போனால் 'நிலைகளை மாற்றிக்கொண்டனர்' என்று திரும்பி வரும். தமிழ்ப் பேப்பர் என்றால் இன்னும் ஒரு வில்லங்கம்: வாசிக்கத் தெரிந்தவர் அங்கே குறைவு என்பதால் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தும் கொடுக்கவேண்டும். அது போய் வருவதற்குள் முதற் பதிப்பு பஸ் ஏறிவிடும். முதலில் பேப்பர்க்காரர் வெட்டின இடத்தை வெள்ளையாகவே விட்டு, நடுவில் 'தணிக்கை செய்யப்பட்டது' என்று மட்டும் போட்டார்கள். சனம் அந்த வெள்ளையைச் செய்தியைவிட ஆழ்ந்து வாசித்தது. பிறகு ஒரு நாள் கந்தோருக்கு ஒரு அழைப்பு வந்தது: வெள்ளையும் விடக்கூடாதாம்.

"வெட்டுனதயும் வெளிய தெரியாம வெட்டணும்னானுங்க" என்றார் ஒஸ்வால்ட். "அப்புறம் நாங்க என்ன செஞ்சோம் தெரியுமா? குண்டு விழுந்து செத்தவங்கள செய்தியாப் போட முடியல. மரண அறிவித்தல் பக்கத்த மட்டும் அவனுங்க கேக்கறதில்ல, அது விளம்பரம்தானே. ஒரே ஊரு, ஒரே உதிர்வுத் தேதி, பதினேழு அறிவித்தல் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. ஒரு வரி செய்தி இல்ல. ஊருக்கே விளங்கிச்சு."

படம் என்றால் இரண்டு பிரதி அனுப்பவேண்டும். ஒன்று அவர்களுக்கு. மற்றது சீலோடு திரும்பி வரும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் காட்டுவதற்குக் கந்தோரில் அதைப் பத்திரப்படுத்துவார்கள். அந்த வருடமே கந்தோருக்குள் தேடுதல் நடந்து நெகடிவ் எல்லாம் சாக்கில் போனது. ஆனால் சீல் குத்தின இந்தப் பிரதியை ஒஸ்வால்ட் அதற்கு முதலே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஆர் இந்த ஆள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் என்றைக்காவது கதவைத் தட்டுவார் என்று மட்டும் நினைத்திருந்தார்.

அவர் எழும்பிப் போய், சற்பிரசாத நாதர் படத்துக்குப் பின்னால் இருந்து ஒரு கடதாசி உறையை எடுத்து வந்தார்.

மரத்தடியில் நமசிவாயம் இருந்தார். கை இரண்டும் பின்னால் கட்டியிருந்தது. தலைமயிர் கலைந்திருந்தது. பயந்த முகம் இல்லை. பிஸ்கட் வாங்கும் பெட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் இரண்டையும் முன்னுக்கு நீட்டியிருந்தார், ஒன்றில் தன்னுடையது, ஒன்றில் அவளுடையது. அவரைப் படத்திலிருந்து பிரித்து மேலிருந்து கீழாக ஒரு தடித்த சிவப்புப் பென்சில் கோடு. கோடு போட்ட கை அவசரப்பட்டிருக்கவேண்டும். ஆளை வெட்டினது, நீட்டிய வலது கால் கோட்டுக்கு வெளியே கிடந்ததைக் கவனிக்கவில்லை.

பாலேஸ்வரி அழுதாள். வெட்கப்படாமல், வாய்விட்டு, மேசையில் தலையை வைத்து அழுதாள். யோசெப்பின் முதுகைத் தடவியபடி தானும் அழுதாள். ஒஸ்வால்ட் ஜன்னலுக்கு வெளியே போகிற யாரோ ஒருவனை ஒரு காரணமும் இல்லாமல் ஏசினார்.

பிறகு படத்தைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் நீல மையில் ஒரு சீல்: 'பரிசீலிக்கப்பட்டது. திருத்தத்துடன் பிரசுரிக்கலாம்.' திகதி. ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே ஆங்கிலத்தில், அழகான எழுத்தில், ஒரு வரி. கட்டப்பட்டு மரத்தடியில் இருக்கும் கைதியை நீக்கவும் என்று அந்த வரி சொன்னது.

பாலேஸ்வரி அந்த வரியை விரலால் தொட்டு வாசித்தாள். கண்ணீர் நின்றுவிட்டது.

"கைதி எண்டு எழுதியிருக்கு" என்றாள். "இருபத்தஞ்சு வருசமா நாங்க பிடிக்கேல்லை, பிடிக்கேல்லை எண்டு சொன்னவை, தங்கட கையாலயே கைதி எண்டு எழுதி, சீலும் குத்தி வைச்சிருக்கினம்."

"ஓம்" என்றார் ஒஸ்வால்ட். "முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிட்டு, மறைச்சது நாங்கதான்னு ரசீதும் குடுத்திருக்கானுங்க."

இதற்குப் பிறகு எல்லாம் இலகுவாக நடந்திருக்கவேண்டும். நடக்கவில்லை. நடந்திருந்தால் அது இந்த நாடாக இருந்திராது.

மூலப்பிரதியை அவளிடம் தந்து, எவனிடமும் கொடுக்கக்கூடாது என்று ஒஸ்வால்ட் சத்தியம் வாங்கினார். அதனால் இருபக்கமும் ஸ்கேன் பண்ணின நகலோடு அவள் அலுவலகத்துக்குப் போனாள். தண்ணீர் குடிக்கிற அதிகாரி அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இப்ப ஏஐயால எதையும் செய்யலாம்தானே அம்மா" என்றார். "மூலத்தைத் தந்திட்டுப் போங்கோ, சோதிச்சுச் சொல்லுறம்." போன தடவை அவர்கள் சோதிக்க எடுத்த கலியாணப் படம் இன்னும் சோதனையில் இருப்பதை அவள் ஞாபகப்படுத்தினாள். அவள் போய்க் கேட்ட சட்டத்தரணியோ, வழக்குப் போடலாம், ஆனால் அதற்குள் இந்தப் படம் காணாமற்போகாமல் இருக்க முதலில் ஊர் இதைப் பார்க்கவேண்டும், ஊர் பார்த்ததை ஒளிக்கேலாது என்று சொன்னார்.

கண்காட்சிக்குப் போய் வெட்டின படத்தின் பக்கத்தில் வெட்டாததையும் தொங்கவிடச் சொன்னாள். ஷெல்டனுக்கு வியர்த்தது, அந்த ஏசியிலும். "யாரும் வேண்டாம்னு சொல்லல மேடம். ஆனா அனுசரணையாளர்கள் இருக்காங்க. இது சென்சிட்டிவ்." ஆர் தடுத்தது என்று கேட்டாள். ஒருவரும் தடுக்கவில்லை, நாங்களாகத்தான் என்றான். அந்தக் காலத்தில் வெட்டுவதற்கு ஒரு அதிகாரியாவது தேவைப்பட்டார். இப்போது அந்தச் செலவும் இல்லை.

கடைசியாக, ஒஸ்வால்ட்டையும் கூட்டிக்கொண்டு ஒரு பேப்பர்க் கந்தோருக்குப் போனாள். செய்தி ஆசிரியர் நல்ல மனுசன்தான். படத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். கலங்கின கண்ணோடு, செய்தியாகப் போட ஏலாது என்றார். சட்டப் பிரிவு விடாதாம். "மற்றப் பக்கத்தின்ர கருத்தும் எடுக்கவேணும், அவையள் கருத்துச் சொல்ல மாட்டினம், அப்ப போடேலாது." ஒஸ்வால்ட் அந்த மேசையில் அடித்த அடிக்குப் பேனாத் தாங்கி உருண்டு விழுந்தது. "பொலிஸ் வாசல்ல நிக்கறப்பவே நாங்க போட்டோம்யா! நீங்க ஏசி ரூமுல இருந்துக்கிட்டு!"

ஆனால் பாலேஸ்வரி அந்தச் சண்டையைக் கேட்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே விளம்பரக் கவுண்டரில் ஒரு குடும்பம் மரண அறிவித்தல் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே ஊர், ஒரே திகதி, பதினேழு அறிவித்தல். அது அவள் தலைக்குள் ஓடியது.

"நான் அறிவித்தல் குடுக்கிறன்" என்றாள்.

ஒஸ்வால்ட் அவளைப் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது. "வேணாங்க. அது செத்தவங்களுக்கு. அவர் செத்துட்டார்னு நீங்களே அச்சுல சொன்னா, அவனுங்க சான்றிதழ நீட்டுவானுங்க. இத்தனை வருசமா நீங்க அத வாங்காம நின்னது என்னத்துக்கு?"

அதுதான் முடிச்சு. அவள் நெற்றியில் பொட்டு இருந்தது. திவசம் கொடுக்கவில்லை. சுவரில் அவருடைய படத்துக்கு மாலை போடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், பிடிச்சவை சொல்லட்டும், அதுக்குப் பிறகு அழுவம் என்றுதான் சொன்னாள். சொந்தக்காரர் விசரி என்றார்கள். இப்போது அவருடைய முகத்தை ஊருக்குக் காட்டுவதற்கு இருக்கிற ஒரே வாசல், அவரைச் சாகடித்துவிட்டு உள்ளே வா என்கிறது. அவளுக்கு நெஞ்சு கொதித்தது. கொதிக்கக் கொதிக்கவே எழும்பிக் கவுண்டருக்குப் போனாள்.

கவுண்டரில் டில்ஷானி என்று ஒரு பெட்டை. கணினியைப் பார்த்தபடியே கேட்டாள். "பேரு அன்ட்டி?"

"சின்னத்தம்பி நமசிவாயம்."

"மலர்வு? பொறந்த தேதி."

சொன்னாள்.

"உதிர்வு?"

"இல்லை."

டில்ஷானி நிமிர்ந்தாள். "அது இல்லாம சிஸ்டம் எடுக்காது அன்ட்டி. தேதி தெரியாட்டி சும்மா ஒரு தேதி சொல்லுங்க, நெறையப் பேரு அப்படித்தான் போடுவாங்க."

"சும்மா ஒரு திகதியிலயோ? ஒரு மனுசனை நான் சும்மா ஒரு திகதியில சாகடிக்கேலாது, பிள்ளை." பாலேஸ்வரி உறையிலிருந்து படத்தை எடுத்துக் கவுண்டர்க் கண்ணாடிக்கு மேலால் நீட்டினாள். முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம். "இதை வாசியும்."

பெட்டை சீலை வாசித்தாள். கையெழுத்து வரியை வாசித்தாள். திருப்பி முன்பக்கம் பார்த்தாள். பின்னால் தள்ளி நின்ற ஒஸ்வால்ட்டை அப்போதுதான் கண்டாள். அவளும் கொட்டாஞ்சேனைப் பிள்ளை, அவரைத் தெரியாமல் இருக்குமா? "அங்கிள், நீங்களா எடுத்தது?" அவர் தலையாட்டினார்.

"ஆசிரியர்கள் இந்தப் பக்கத்தப் பாப்பாங்களா?" என்று ஒஸ்வால்ட் கேட்டார்.

"அறிவித்தலயா? எழுத்துப்பிழை மட்டும்தான் பாப்பாங்க" என்றாள் டில்ஷானி. பிறகு வாயோரம் ஒரு கள்ளச் சிரிப்பு வந்தது. "அந்தக் கட்டத்துல தேதிதான் போடணும்னு இல்ல. என்னமாச்சும் எழுத்து இருந்தாலும் எடுக்கும். சொல்லுங்க அன்ட்டி. உதிர்வு?"

பாலேஸ்வரி சொன்னாள். டில்ஷானி ஒரு எழுத்துப்பிழையும் இல்லாமல் அடித்தாள். படத்தின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணினாள். மூலப்பிரதியைத் தானே உறையில் போட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர். வெள்ளவத்தையில் கடை திறக்கிற நேரத்துக்கே பாலேஸ்வரி போய் வாங்கினாள். கடைக்குள்ளேயே நின்று விரித்தாள். வாழ்ந்து முடித்த தாத்தாக்களுக்கும் அப்பம்மாக்களுக்கும் நடுவில், பக்கத்தின் கால்வாசியை அடைத்துக்கொண்டு நமசிவாயம் மரத்தடியில் இருந்தார். சிவப்புக் கோடு சிவப்பாகவே விழுந்திருந்தது. பக்கத்தில் அதே அளவுக்குச் சீலும் கையெழுத்தும்.

*சின்னத்தம்பி நமசிவாயம்*
*மலர்வு: 1961 ஆவணி 14*
*உதிர்வு: தணிக்கை செய்யப்பட்டது*
*கட்டப்பட்டிருப்பவர் என் கணவர். கட்டியவர்களின் சீல் பக்கத்தில் உள்ளது. இது அஞ்சலி அல்ல. தகவல்: மனைவி.*

கீழே அவளுடைய தொலைபேசி இலக்கம். அறிவித்தலில் அது வழமைதானே.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வாசித்தார். பேப்பருக்குச் சல்லி வேண்டாம் அக்கா என்றார். அவள் கேட்கவில்லை, கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். மத்தியானத்துக்குள் அந்தப் பக்கம் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய், ஃபேஸ்புக்கில் ஏறி, சிங்களத்தில் மொழிபெயர்ந்து திரும்பி வந்துவிட்டது. கொள்ளுப்பிட்டிப் பதாகைக்குக் கீழே நின்று சனம் காலைப் படம் பிடிக்கிறது என்று யோசெப்பின் போன் பண்ணிச் சொன்னாள். பின்னால் ஒஸ்வால்ட் யாரையோ ஏசிக்கொண்டிருந்தது கேட்டது. அது சந்தோசத்தில் ஏசுகிற ஏச்சு.

பின்னேரம் தெரியாத ஒரு இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. பெயர் சொல்லவில்லை. திருத்தமான, கற்றுக்கொண்ட தமிழ்.

"இந்தப் படத்தைப் பிரசுரிக்க உங்களுக்கு யார் அனுமதி தந்தது?"

"உங்கட ஆக்கள்தான்" என்றாள் பாலேஸ்வரி. "பின்பக்கத்தில சீல் இருக்கு, பாருங்கோ. பிரசுரிக்கலாம் எண்டு."

மறுபக்கம் பேப்பர் திரும்புகிற சத்தம். "அது திருத்தத்துடன் என்று போட்டிருக்கிறது."

"ஓம். திருத்தினதைத்தான் இருபத்தஞ்சு வருசமா காட்டினீங்களே."

"அம்மா, அந்தப் பிரதி மூலமா, நகலா? நாங்கள் அதைப் பார்க்கவேண்டும். எப்போது கொண்டுவந்து தருவீர்கள்?"

பாலேஸ்வரி கதிரையில் வசதியாகச் சாய்ந்து இருந்தாள். மேசையில் இடது செருப்பு இருந்தது.

"ஏன் நான் கொண்டுவரவேணும்? ரெண்டு கொப்பி அனுப்பினது. ஒண்டு திரும்பி வந்தது, மற்றது உங்களிட்டத்தான் இருக்கு" என்றாள். "தேடிப் பாருங்கோ. இவ்வளவு காலமும் நான் தேடினனான். இனி நீங்கள் தேடுங்கோ."